முடிவைச் சொல்லாத சுருக்கம் எதற்கு?

1959ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் சென்னையிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வெளியானது. காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் சேர்த்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதாதா என்பதுதான் அதன் கேள்வி. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அந்த ஆய்வை நடத்தியது. அந்த மையமே பின்னாளில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அறிக்கையின் நீளம் 90 பக்கங்களுக்கும் மேல்.

இந்தத் துறையில் வேலை செய்யாத ஒருவர் அந்தப் பக்கங்களை முழுக்கப் படிக்கப் போவதில்லை. துறைக்குள் இருப்பவர்களும் பல நேரம் அப்படித்தான். ஒரு மருத்துவரோ ஆய்வு மாணவரோ தேடுதளத்தில் ஒரு தலைப்பைத் தேடினால் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பத்தி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் முழுக்கட்டுரையைத் திறப்பதா, அடுத்ததற்குப் போவதா என்று முடிவு செய்கிறார். முழுக்கட்டுரை கட்டணத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தால் அந்தப் பத்தி ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கும். அந்தப் பத்திதான் ஆய்வுச்சுருக்கம்.

அதாவது, ஆய்வுச்சுருக்கம் தனியாகப் படிக்கப்படுவது. அதில் என்ன இருக்க வேண்டும், எந்த வரிசையில் இருக்க வேண்டும், எதை வெளியே விட வேண்டும் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை இந்த ஒரு செய்தியிலிருந்தே வருகிறது.

வழக்கமாக எழுதப்படும் சுருக்கம்

சென்னை ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அதற்கு இன்று நம் கல்லூரிகளில் வழக்கமாக எழுதப்படும் பாணியில் ஒரு சுருக்கம் எழுதினால் இப்படி இருக்கும். இது நான் மாதிரிக்காக எழுதியது. அந்த அறிக்கையில் உள்ளதல்ல.

"காசநோய் மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டிவரும் கொடிய நோயாகும். இந்தியா போன்ற நாடுகளில் இது பெரும் சவாலாக விளங்குகிறது. இந்நோய்க்கான சிகிச்சை முறைகள் குறித்துப் பல அறிஞர்கள் ஆய்வு செய்துள்ளனர். இவ்வாய்வு வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டு ஆராய்கிறது. நோயாளிகளிடமிருந்து தரவுகள் திரட்டப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்பட்டன. கிடைத்த முடிவுகளும் அவற்றின் முக்கியத்துவமும் விரிவாக விவாதிக்கப்படுகின்றன."

இதில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் படித்து முடித்தவருக்கு என்ன தெரிந்தது? எத்தனை நோயாளிகள், என்ன மருந்து, எவ்வளவு காலம், யாரை எந்தக் குழுவில் எப்படிச் சேர்த்தார்கள் என்று எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுச் சிகிச்சை பலித்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. முதல் மூன்று வாக்கியங்களை அப்படியே எடுத்து வேறு எந்தக் காசநோய்க் கட்டுரையின் தலையிலும் வைக்கலாம். கடைசி வாக்கியத்தை உலகத்தின் எந்தக் கட்டுரையிலும் வைக்கலாம். "விவாதிக்கப்படுகின்றன", "ஆராயப்படுகின்றன", "எடுத்துரைக்கப்படுகின்றன" என்று முடியும் வாக்கியங்கள், உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்கின்றனவே தவிர, உள்ளே இருப்பதை எடுத்துத் தருவதில்லை.

நான்கு கேள்விகள், அதே வரிசை

சுருக்கத்தைப் படிப்பவர் மனத்தில் நான்கு கேள்விகள் எழுகின்றன. ஏன் செய்தீர்கள்? என்ன செய்தீர்கள்? என்ன கிடைத்தது? அதற்கு என்ன பொருள்? சுருக்கத்தின் வரிசையும் இதுதான். ஆய்விதழ்கள் இவற்றை நோக்கம், முறை, முடிவுகள், தீர்மானம் என்று குறிக்கின்றன. 1987இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்று இந்தப் பகுதிகளுக்குத் தனித்தனித் தலைப்பு கொடுத்து எழுதும் முறையை முன்வைத்தது. பிறகு அது மருத்துவ இதழ்களில் பரவலாயிற்று. தலைப்பு போட்டுவிட்டு அதன் கீழே ஒன்றும் எழுதாமல் விட முடியாது. அந்த முறையின் பெரிய பயன் அதுவே. தலைப்பில்லாமல் ஒரே பத்தியாக எழுதச் சொல்லும் இதழ்களிலும் இதே வரிசை உள்ளுக்குள் இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான இதழ்கள் 250 சொற்களை ஒட்டி வரம்பு வைக்கின்றன. அதில் பின்னணிக்கும் நோக்கத்துக்கும் சேர்த்து 40 சொற்கள் போதும். முறைக்கு 70 அல்லது 80. முடிவுகளுக்கு 90 முதல் 100. தீர்மானத்துக்கு மிச்சம். ஆனால் நம்மிடம் வரும் சுருக்கங்களில் பாதியிடத்தைப் பின்னணியே எடுத்துக்கொள்கிறது. காரணம் எளியது. பின்னணியை எழுதுவது சுலபம். அதற்கு ஆய்வு முடிந்திருக்கக்கூட வேண்டியதில்லை.

இப்போது அதே சென்னை ஆய்வுக்கு, இந்த அளவை மனத்தில் வைத்து, நான் எழுதிப் பார்த்த இன்னொரு சுருக்கம்:

"காசநோயாளிகள் அனைவருக்கும் சானடோரியத்தில் இடம் தர இயலாத நிலையில், வீட்டிலேயே மருந்து தருவது எந்த அளவுக்குப் பலன் தரும் என்று அறிய இந்த ஆய்வை மேற்கொண்டோம். சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, நுரையீரல் காசநோய் கண்ட 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தோம். ஒரு குழுவினர் வீட்டிலும் மற்றவர்கள் சானடோரியத்திலும் ஓராண்டுக் காலம் ஐசோநயாசிட், பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் ஆகிய இரு மருந்துகளையும் உட்கொண்டனர். ஓராண்டு முடிவில் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியக் குழுவில் 92 விழுக்காட்டினருக்கும் கிருமிச் சோதனையின்படி நோய் அடங்கியிருந்தது. சானடோரியக் குழுவினருக்கு நல்ல உணவும் ஓய்வும் கூடுதலாகக் கிடைத்தன. அவர்களின் எடையும் அதிகம் கூடியது. குறைந்த உணவோடும் நெருக்கடியான வீட்டிலும் இருந்தபோதிலும் வீட்டுக் குழுவின் பலன் சானடோரியக் குழுவின் பலனை நெருங்கியிருந்தது. மருந்தை ஒழுங்காக வழங்கிக் கண்காணிக்க ஏற்பாடு இருந்தால், வீட்டுச் சிகிச்சை பெருந்திரளான நோயாளிகளுக்கு ஏற்றது."

முதல் வாக்கியத்திலேயே பின்னணியும் நோக்கமும் முடிந்துவிட்டன. காசநோய் கொடியது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சானடோரியத்தில் எல்லாருக்கும் இடமில்லை என்ற ஒரு செய்திதான் இந்த ஆய்வைத் தேவையாக்கியது. ஆகவே பின்னணியில் அது மட்டும் நிற்கிறது.

முறைப் பகுதியில் யார், எத்தனை பேர், எப்படிப் பிரித்தார்கள், என்ன மருந்து, எவ்வளவு காலம் என்பவை இருக்கின்றன. "குலுக்கல் முறையில்" என்ற சொற்களை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நோய் முற்றியவர்களைச் சானடோரியத்துக்கும் லேசாக இருந்தவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்களோ என்று படிப்பவர் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் 86, 92 என்ற இரண்டு எண்களுக்கும் மதிப்பில்லை. முறையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதற்கு இது நல்ல உரைகல். ஒரு விவரத்தை எடுத்துவிட்டால் முடிவின் நம்பகம் குறைகிறதா? குறைந்தால் அது சுருக்கத்தில் இருக்கட்டும். குறையாவிட்டால் கட்டுரைக்குள் போகட்டும். சளியை எந்தப் புட்டியில் சேகரித்தார்கள், எக்ஸ்ரே படங்களை யார் பார்த்தார்கள் என்பவை கட்டுரைக்கு அவசியம், சுருக்கத்துக்கு அல்ல.

முடிவுப் பகுதியில் இரு குழுக்களின் எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. "வீட்டுச் சிகிச்சையில் கணிசமானோர் குணமடைந்தனர்" என்று எழுதியிருந்தால் அந்தக் "கணிசம்" பாதியா, முக்காலா என்று யாருக்கும் தெரியாது. ஒப்பிடும் ஆய்வில் ஒரு பக்கத்து எண்ணை மட்டும் கொடுப்பதும் எண்ணே கொடுக்காததற்குச் சமம். இதழுக்கு அனுப்பும் சுருக்கமானால் இதற்கு மேலும் ஒரு விவரம் தேவை. 193 பேரில் கடைசிக் கணக்கில் ஒவ்வொரு குழுவிலும் வந்தவர் எத்தனை பேர், நடுவில் விலக்கப்பட்டவர் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். விழுக்காடு என்று ஓர் எண் வந்தால், எத்தனை பேரில் என்ற கேள்வி கூடவே வரும்.

கடைசி வாக்கியத்தில்தான் வழுக்கும்

நான்கு பகுதிகளில் அதிகம் தவறு நடக்கும் இடம் தீர்மானம். சென்னை ஆய்வின் எண்களை வைத்துக்கொண்டு மூன்று விதமாக முடிக்கலாம்.

"வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சையைவிடச் சிறந்தது" என்று ஒருவர் எழுதலாம். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. சானடோரியக் குழுவில்தான் விழுக்காடு சற்று அதிகம். இது வெளிப்படையான தவறு, எளிதில் பிடிபடும்.

"இரண்டும் சமம்" என்று இன்னொருவர் எழுதலாம். இது பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு குழுவுக்குத் தொண்ணூற்றைந்து பேர் என்று வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டாலும், உண்மையான வேறுபாடு 15 புள்ளிகள் வரை சானடோரியத்துக்குச் சாதகமாக இருக்கலாம்; அல்லது சில புள்ளிகள் வீட்டுக்குச் சாதகமாகவும் இருக்கலாம். இந்த அளவிலான ஓர் ஆய்வால் இரண்டும் சமம் என்று நிறுவ முடியாது. வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை என்பது ஒன்று. வேறுபாடே இல்லை என்பது வேறொன்று.

"வீட்டுக் குழுவின் பலன் சானடோரியக் குழுவின் பலனை நெருங்கியிருந்தது" என்பது மூன்றாவது விதம். எண்கள் தாங்கும் அளவுக்கு மட்டும் பேசுகிறது. அதோடு "மருந்தை ஒழுங்காக வழங்கிக் கண்காணிக்க ஏற்பாடு இருந்தால்" என்ற நிபந்தனையும் சேர்கிறது. அந்த மையம் நோயாளிகள் மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டது. அந்தக் கண்காணிப்பு இல்லாத இடத்தில் மாத்திரையை மட்டும் கையில் கொடுத்தனுப்பினால் இதே பலன் வரும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நிபந்தனையை வெட்டினால் ஐந்தாறு சொற்கள் மிச்சமாகும், ஆனால் வாக்கியம் பொய்யாகிவிடும்.

இந்தத் தவறு அரிதானதல்ல. முதன்மையாக எதிர்பார்த்த பலன் புள்ளியியல்படி நிறுவப்படாத 72 மருத்துவச் சோதனைகளின் கட்டுரைகளை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர் இசபெல் பூத்ரோனும் அவர் குழுவினரும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 58 விழுக்காட்டுக் கட்டுரைகளின் சுருக்கத்தில், தீர்மானப் பகுதி சிகிச்சைக்குச் சாதகமாகச் சாய்த்து எழுதப்பட்டிருந்தது. முதன்மைப் பலன் கிடைக்கவில்லை என்றால் ஓரத்தில் கிடைத்த வேறொரு பலனை முன்னே நிறுத்துவது, சிகிச்சைக்குப் பின் நிலைமை தேறியதைச் சொல்லிவிட்டு ஒப்பீட்டுக் குழுவும் அதே அளவு தேறியதைச் சொல்லாமல் விடுவது ஆகியவை இப்படிச் சாய்க்கும் வழிகள். பிறகு அதே குழுவினர் புற்றுநோய்ச் சோதனைகளின் சுருக்கங்களை இருவிதமாக மருத்துவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சாய்த்து எழுதிய சுருக்கத்தைப் படித்தவர்கள் அந்தச் சிகிச்சை பயன் தரும் என்று கூடுதலாக நம்பினார்கள். தீர்மான வாக்கியம் படிப்பவரின் முடிவை மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

வெளியே நிற்க வேண்டியவை

மேற்கோள் குறிப்புகளைச் சுருக்கத்தில் தருவதில்லை. தனியாகப் படிப்பவரிடம் நூற்பட்டியல் இல்லை. "முன்னோர் ஆய்வின்படி" என்று சொன்னால் அது யார் என்று பார்க்க அவருக்கு வழியில்லை. இதே காரணத்தால் அட்டவணை, படம், "மேலே கூறியபடி" போன்ற சுட்டுகள் ஆகியவையும் வேண்டாம். விளக்கம் இல்லாத எழுத்துச் சுருக்கங்களும் வேண்டாம். ஒரே தடவை வரும் பெயரை முழுதாகவே எழுதிவிடலாம்.

கட்டுரையில் இல்லாத எதுவும் சுருக்கத்தில் வரக்கூடாது. இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். ஆனால் 1999இல் ராய் பிட்கினும் அவர் உடன் ஆய்ந்தவர்களும் ஆறு பெரிய மருத்துவ இதழ்களின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார்கள். கட்டுரையோடு பொருந்தாத எண், அல்லது கட்டுரையில் எங்குமே இல்லாத எண் உள்ள சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 விழுக்காடு வரை இருந்தன. பெரும்பாலும் இது ஏமாற்று வேலையால் நேர்வதல்ல. முதல் வரைவோடு சுருக்கத்தையும் எழுதிவிடுகிறார்கள். பிறகு நடுவரின் கருத்துக்காகக் கணக்கைத் திருத்துகிறார்கள், கட்டுரையில் எண் மாறுகிறது, சுருக்கத்தில் பழைய எண் அப்படியே தங்கிவிடுகிறது.

நம் சென்னை ஆய்விலேயே இன்னொரு கவர்ச்சி உண்டு. நோயாளி வீட்டில் இருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுமே என்ற கவலை எல்லாருக்கும் இருந்தது. அதை அந்த மையம் தொடர்ந்து ஆராய்ந்தது; 1960இலும் 1966இலும் தனிக் கட்டுரைகள் வந்தன. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடவில்லை என்பது அவற்றின் முடிவு. அது மிக முக்கியமான செய்திதான். ஆனாலும் நோயாளிகளின் ஓராண்டுப் பலனைச் சொல்லும் சுருக்கத்தில் அதை இழுத்துவந்து சேர்த்தால், வேறொரு கட்டுரையின் சான்றை இந்தக் கட்டுரையின் பெயரில் சொன்னதாகிவிடும்.

தமிழாய்வுக் கட்டுரைக்கும் இது பொருந்துமா?

எண்ணும் சோதனையும் இல்லாத இலக்கிய, வரலாற்று ஆய்வுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். நான்கு கேள்விகளும் அங்கேயும் உண்டு. நம் ஆய்வேடுகளில் பரவலாகக் காணப்படும் சுருக்கம் இயல்களின் பட்டியல்தான்: முதல் இயல் அறிமுகம் செய்கிறது, இரண்டாம் இயல் சமூகப் பின்னணியைக் கூறுகிறது, மூன்றாம் இயல் உவமைகளை ஆராய்கிறது, நிறைவுரை முடிவுகளைத் தொகுத்துரைக்கிறது. இது பொருளடக்கத்தின் உரைநடை வடிவம். முடிவுகள் என்னவென்று அதில் இல்லை.

நடவுப் பாடல்களைப் பற்றி ஒருவர் ஆய்வதாக வைத்துக்கொள்வோம். எந்த வட்டாரத்தில், எத்தனை பாடல்கள், யார் பாடிச் சேகரித்தவை என்பது முறை. "நடவுப் பாடல்களில் பெண்களின் நிலை ஆராயப்படுகிறது" என்பது வெறும் அறிவிப்பு. கூலியைப் பற்றிய முறையீடு பாடலின் எந்த இடத்தில் வருகிறது, யாரை நோக்கிப் பாடப்படுகிறது, வயலில் பாடும்போதும் வீட்டில் பாடிக்காட்டும்போதும் அது மாறுகிறதா என்று அவர் கண்டிருந்தால், அந்தக் கண்டுபிடிப்பைச் சொல்வதே சுருக்கம். "ஆராயப்படுகிறது" என்ற இடத்தில் "கண்டோம்" என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் தொடர்ந்து எழுத முடிந்தால் உங்களிடம் முடிவு இருக்கிறது. முடியாவிட்டால் ஆய்வில் இன்னும் வேலை இருக்கிறது.

எழுதும் வரிசை வேறு

சுருக்கம் கட்டுரையின் முதலில் நிற்பது. ஆனால் எழுத வேண்டியது கடைசியில். அதையும் மேலிருந்து கீழாக எழுதாமல் நடுவிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் முடிவு வாக்கியத்தை எண்களோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களை நம்புவதற்கு என்ன தெரிய வேண்டுமோ அதை அதன் மேலே எழுதுங்கள், அது முறை. அந்த முறை எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்பதை அதற்கும் மேலே ஒரு வாக்கியத்தில் வையுங்கள். கடைசியாகத் தீர்மானம். இப்படி எழுதினால் பின்னணி தானாகவே சிறுத்துவிடும், ஏனென்றால் அதற்கு வைக்க இடமே மிச்சமிருக்காது.

முடித்த பிறகு இரண்டு சரிபார்ப்புகள் போதும். சுருக்கத்தைத் தாளில் அச்செடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது கட்டுரையில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறியுங்கள். பக்க எண் போட முடியாத எண் வெளியேற வேண்டும். வேறுபடும் எண் திருத்தப்பட வேண்டும். நடுவர் சொன்ன ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இதை மறுபடி செய்ய வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் கேட்கும் இதழானால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் உள்ள நிபந்தனை மற்றதில் விடுபட்டிருக்கும்.

அடுத்து, கட்டுரையைப் படிக்காத, ஆனால் அந்தத் துறை கொஞ்சம் தெரிந்த ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுங்கள். தாளை வாங்கிக்கொண்டு, ஏன் செய்தார்கள், என்ன செய்தார்கள், என்ன கிடைத்தது, அதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் "ஏதோ முடிவு வந்திருக்கிறது போல" என்று சொன்னால், அந்தச் சுருக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.